612 பேரில் 238 பேருக்குத்தான் கூலி தெரியும்: ஹெக்மன் திருத்தத்தை ஆய்வேட்டில் எப்படிக் காட்டுவது?

முந்திரிக்காடு எழுதியது:

வணக்கம். பண்ருட்டியைச் சுற்றி 12 ஊர்களில் 18 முதல் 59 வயதுப் பெண்கள் 612 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு கையில் இருக்கிறது. கூலி பதிவானது 238 பேருக்கு மட்டும். மீதி 374 பேர் வேலைக்குப் போகவில்லை, அல்லது சொந்த நிலத்தில் வேலை செய்கிறார்கள். கல்வி ஓர் ஆண்டு கூடினால் கூலி எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கேள்வி.

கூலி உள்ளவர்களை மட்டும் வைத்துச் சாதாரண ரெக்ரஷன் போட்டால் கல்வியின் கெழு 0.048, திட்டப்பிழை 0.011. ஹெக்மன் இரண்டு படி முறையில் போட்டால் கெழு 0.021, திட்டப்பிழை 0.064. லாம்டா -0.44, அதன் திட்டப்பிழை 0.92. இரண்டு சமன்பாட்டிலும் ஒரே மாறிகள்தான்: கல்வி, வயது, வயதின் வர்க்கம், நிலமில்லாத குடும்பமா என்பது.

அத்தியாயத்தில் "தெரிவுப் பிழை ஹெக்மன் முறையில் திருத்தப்பட்டது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். இது போதாது என்று வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அட்டவணையில் என்னென்ன வர வேண்டும்?

---

பாகூர் ஏரி எழுதியது:

லாம்டாவை அதன் திட்டப்பிழையால் வகுத்தால் -0.48 வருது. முக்கியத்துவமே இல்லை. அப்போ தெரிவுப் பிழை இல்லைன்னு அர்த்தம். சாதாரண ரெக்ரஷனையே அட்டவணையில போடுங்க, கீழே அடிக்குறிப்புல "ஹெக்மன் சோதனையில் தெரிவுப் பிழை தென்படவில்லை"ன்னு எழுதிடுங்க. நிறையக் கட்டுரைகள்ல இப்படித்தான் இருக்கு.

---

கெடிலக்கரை எழுதியது:

பாகூர் ஏரி சொல்றதுல பாதி சரி. லாம்டா பூஜ்யம்ங்கிற கருதுகோளைச் சோதிக்க அந்த விகிதம் செல்லும். ஆனா 0.92 திட்டப்பிழையோட -0.44 வந்தா 95 சத இடைவெளி ஏறக்குறைய -2.2ல இருந்து 1.4 வரைக்கும் போகுது. மடக்கைக் கூலியில அது எவ்வளவு பெரிய தூரம்னு பாருங்க. அந்த இடைவெளிக்குள்ள பிழையே இல்லைங்கிறதும் அடங்கும், பயங்கரமான பிழை இருக்குங்கிறதும் அடங்கும். சோதனைக்குத் திறன் இல்லாம போச்சு, அவ்வளவுதான் இதிலேர்ந்து சொல்ல முடியும்.

ஏன் திறன் போச்சுன்னா, ரெண்டு சமன்பாட்டுலயும் ஒரே மாறிகளை வச்சிருக்கீங்க. இரண்டாம் படியில சேர்ற தலைகீழ் மில்ஸ் விகிதம் அந்த மாறிகளாலயே கட்டினது. அது வளைகோடுதான், ஆனா வளைவு ரொம்பக் குறைவு. ப்ராபிட் குறியீடு -0.5 ஆனா விகிதம் 1.141, 0 ஆனா 0.798, 0.5 ஆனா 0.509. முதலாவதுக்கும் மூணாவதுக்கும் நேர்கோடு போட்டா நடுவுல 0.825 வரும். உண்மையான மதிப்பு 0.798. வித்தியாசம் 0.027தான். உங்க 612 பேரோட குறியீடும் பெரும்பாலும் இந்த வட்டாரத்துக்குள்ளதான் இருக்கும். அப்போ அந்த விகிதம் கல்வி, வயது எல்லாத்தையும் கூட்டிக் கலந்த இன்னொரு நேர்கோடு. கல்வியோட விளைவையும் தெரிவோட விளைவையும் பிரிச்சுச் சொல்ல தரவுல எதுவும் மிச்சமில்லை. 0.011 ஆக இருந்த திட்டப்பிழை 0.064 ஆனது அதனாலதான்.

நீங்களே சரிபார்க்கலாம்:

```
probit work edu age age2 landless
predict zg, xb
gen imr = normalden(zg)/normal(zg)
regress imr edu age age2 landless if work==1
```

கடைசி வரியில ஆர்-ஸ்கொயர் 0.95க்கு மேல வந்தா இதுதான் நோய். அந்த எண்ணையும் ஆய்வேட்டுல போடுங்க, ஒளிக்க வேண்டாம்.

வேலைக்குப் போறதைப் பாதிக்கணும், ஆனா கிடைக்கிற கூலியை நேரடியாத் தொடக்கூடாது. அப்படி ஒரு விலக்கு மாறியாவது தெரிவுச் சமன்பாட்டுல வேணும். கணக்கெடுப்புப் படிவத்துல என்ன இருக்கு?

---

முந்திரிக்காடு எழுதியது:

0.978 வந்தது.

ஆறு வயதுக்குக் கீழ் எத்தனை குழந்தைகள், வீட்டில் மாமியார் இருக்கிறாரா, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம், கணவரின் வருமானம், இவை படிவத்தில் உள்ளன. சிறு குழந்தை எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அதையும் மாமியார் மாறியையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

---

வில்லியனூர் சந்தை எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதுக்கு? வேலைக்குப் போகாதவங்க கூலி பூஜ்யம். 374 பேருக்கும் பூஜ்யம் போட்டு டோபிட் மாடல் ஓட்டிடலாமே. ஒரே சமன்பாடு, ஒரே அட்டவணை.

---

கெடிலக்கரை எழுதியது:

பூஜ்யம் உண்மையான அளவா இருக்கிற இடத்துல டோபிட் பொருந்தும், மாசச் செலவுல இறைச்சிக்கு எவ்வளவுங்கிற மாதிரி. வேலைக்குப் போகாத பெண்ணுக்கு நாளைக்கு ஒருத்தர் கொடுக்கத் தயாரா இருக்கிற கூலி பூஜ்யம் இல்லைங்க. இருக்கு, நமக்குத் தெரியல, அவ்வளவுதான். டோபிட் போட்டா வேலைக்குப் போறதைத் தீர்மானிக்கிறதும் கூலியைத் தீர்மானிக்கிறதும் ஒரே கெழுன்னு கட்டாயப்படுத்தின மாதிரி ஆகும். சிறு குழந்தை இருந்தா வேலைக்குப் போறது குறையும், அதே கெழுவால கூலியும் குறையுதுன்னு வரும். ரெண்டையும் பிரிக்கணும்னுதானே ஹெக்மன் 1979 கட்டுரை வந்ததே.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

மாறித் தேர்வைப் பற்றி ஒரு ஆட்சேபம். எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணமாகாது, பண்ருட்டிப் பக்கம் என்றால் இன்னும் ஆகாது. அங்கே கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் வேலையை விட்டுவிடுவது மட்டும் இல்லை. முந்திரிக்கொட்டை உடைப்பது, பருப்புத் தோல் உரிப்பது போன்ற வேலைகளுக்கு மாறுகிறார்கள். அதில் எடைக்குத்தான் கூலி. குழந்தையைப் பார்த்துக்கொண்டே உரித்தால் ஒரு மணி நேரத்தில் உரிக்கும் அளவு குறையும், நாள் கூலியும் குறையும். ஆக, குழந்தை எண்ணிக்கை தெரிவு வழியாக மட்டுமல்ல, நேரடியாகவும் கூலியைத் தொடுகிறது. அதை விலக்கு மாறியாக வைத்தால் அந்த நேரடி விளைவு லாம்டாவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

பேருந்து நிறுத்த தூரம் அதைவிட மோசம். கடலூர் சிப்காட் பக்கமோ நெய்வேலிப் பக்கமோ போய்வர முடிகிற பெண்ணுக்குக் கிடைக்கும் கூலியே வேறு. கணவரின் வருமானமும் அப்படித்தான். ஒரே மேஸ்திரியிடம் இருவரும் போகும் வீடுகள் நிறைய.

மாமியார் மாறிதான் இருப்பதில் தேவலை. அதிலும் மாமியார் படுக்கையில் இருந்தால் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அல்ல, பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர். படிவத்தில் அவருடைய வயதும் உடல்நிலையும் இருந்தால் பிரித்துப் பாருங்கள்.

---

கெடிலக்கரை எழுதியது:

தேவனாம்பட்டினம் சார் சொன்னது ரொம்ப முக்கியம். விலக்கு மாறி செல்லுமாங்கிறதை எந்தச் சோதனையும் சொல்லாது. தெரிவுச் சமன்பாட்டுல அது வலுவா இருக்கான்னு மட்டும்தான் சோதிக்க முடியும். கூலியைத் தொடலைங்கிறதை எழுத்துலதான் வாதாடணும், அந்த வாதம் ஊரைத் தெரிஞ்ச வாசகருக்கு நிக்கணும்.

என் யோசனை: எடைக் கூலி வாங்கறவங்களைத் தனியாக் குறிங்க. மாமியார் மாறியை மட்டும் வச்சு ஒரு தடவை, குழந்தையையும் சேர்த்து ஒரு தடவை ஓட்டுங்க. கூலிச் சமன்பாட்டுல இருக்கிற எல்லா மாறியும் தெரிவுச் சமன்பாட்டுலயும் இருக்கணும், எதையும் விட்டுடாதீங்க.

```
heckman lnwage edu age age2 landless, ///
  select(work = edu age age2 landless milaw kids6) twostep
test [work]milaw [work]kids6
```

ஒரு எச்சரிக்கை. முதல் படியிலேர்ந்து விகிதத்தை எடுத்து, `regress`ல கையால சேர்த்து, அங்கே வர்ற திட்டப்பிழையை அட்டவணையில போட்டுடாதீங்க. அந்த விகிதம் மதிப்பிட்ட ஒண்ணுங்கிறது `regress`க்குத் தெரியாது. அதோட, தெரிவு இருந்தா எச்சங்களோட பரவலும் ஆளுக்கு ஆள் மாறும். `heckman` இந்த ரெண்டையும் கணக்குல எடுத்துக்கும். மேலே சொன்ன கைக்கணக்கு நோயைக் கண்டுபிடிக்க மட்டும்.

---

காலாப்பட்டு எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான். மாலை நேர வகுப்புக்குக் குலுக்கல் முறையில் 200 பிள்ளைகளைச் சேர்த்தோம், 200 பேர் ஒப்பீட்டுக் குழு. ஆண்டு இறுதித் தேர்வுக்கு வகுப்புக் குழுவில் 160 பேர் வந்தார்கள், ஒப்பீட்டுக் குழுவில் 140 பேர். வராதவர்களுக்கு மதிப்பெண் இல்லை. ஹெக்மனுக்கு விலக்கு மாறியாக பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தைப் போடலாமா? அல்லது வராதவர்களுக்கு வகுப்புச் சராசரியைப் போட்டு நிரப்பலாமா?

---

கெடிலக்கரை எழுதியது:

உங்களுடையது இதே பிரச்சினை இல்லைங்க. முந்திரிக்காடு கேட்கிறது குலுக்கல் இல்லாத தரவு. உங்ககிட்ட குலுக்கல் இருக்கு, அதை விட்டுட்டு ஹெக்மனுக்குப் போகாதீங்க. சராசரி போட்டு நிரப்பினா வந்தவங்களும் வராதவங்களும் ஒண்ணுன்னு நீங்களே முடிவு பண்ணின மாதிரி. தூரம் மதிப்பெண்ணையும் தொடும், அதனால அதுவும் வேண்டாம்.

லீ 2009ல எழுதின எல்லை முறை உங்களுக்குப் பொருந்தும். வருகை 80 சதம், 70 சதம். கூடுதலா வந்த பங்கு (0.80 - 0.70) / 0.80 = 0.125. அதாவது வகுப்புக் குழுவுல தேர்வு எழுதின 160 பேர்ல 20 பேர், வகுப்பு இருந்ததாலேயே வந்தவங்க. அவங்க யாருன்னு தெரியாது. ரெண்டு கோடியையும் பாருங்க. அந்த 160ல மதிப்பெண் கூடின 20 பேரை நீக்கி, மிச்ச 140 பேரோட சராசரியை ஒப்பீட்டுக் குழுவோட ஒப்பிட்டா கீழ் எல்லை. குறைஞ்ச 20 பேரை நீக்கினா மேல் எல்லை.

```
leebounds score treat, select(tested)
```

எழுதும்போது ரெண்டைச் சொல்லியே ஆகணும். ஒண்ணு, இந்த எல்லைகள் எந்தக் குழுவுல விழுந்திருந்தாலும் தேர்வுக்கு வந்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு மட்டும்தான். ரெண்டு, வகுப்பு யாரையும் தேர்விலேர்ந்து விரட்டலைங்கிற அனுமானம். மாலை வகுப்பால களைச்சு நின்ன பிள்ளைகள் இருந்தா அது உடையும். வந்தவங்களோட ஆண்டுத் தொடக்க மதிப்பெண்ணை ரெண்டு குழுவுலயும் ஒப்பிட்டுப் பார்த்தா ஓரளவு தடம் தெரியும்.

அடுத்த சுற்று இருந்தா, வராத பிள்ளைகள்ல சிலரைக் குலுக்கலா எடுத்து வீட்டுக்குப் போய்த் தேர்வு வைங்க. அந்தக் குலுக்கல் தேர்வு எழுதறதை மாத்தும், மதிப்பெண்ணைத் தொடாது. அப்போ ஹெக்மனுக்கே நியாயமான விலக்கு மாறி கிடைக்கும்.

---

முந்திரிக்காடு எழுதியது:

ஓட்டிவிட்டேன். மாமியார், குழந்தை இரண்டையும் சேர்த்தால்: கல்வி 0.029 (0.017), லாம்டா -0.31 (0.19), சிக்மா 0.52, ரோ -0.60. மாமியாரை மட்டும் வைத்தால் கல்வி 0.033 (0.024), லாம்டா -0.25 (0.29). இரு மாறிகளையும் சேர்த்துச் சோதித்தால் கை-வர்க்கம் 19.6. மாமியார் தனியாக 6.1.

இரண்டு கேள்விகள். லாம்டா எதிர்மறையாக வந்தால் என்ன பொருள்? ஊர் வாரியாகத் தொகுத்த திட்டப்பிழை கேட்டால் `twostep` ஏற்க மறுக்கிறது, என்ன செய்வது?

---

பாகூர் ஏரி எழுதியது:

-0.31ஐ 0.19ஆல வகுத்தா -1.63. இன்னும் 5 சதத்துல முக்கியமில்லையே. நான் சொன்னதுதான் கடைசியில வருது.

---

கெடிலக்கரை எழுதியது:

வரலைங்க. கல்வியோட கெழு 0.048லேர்ந்து 0.029க்கு இறங்கிடுச்சு. ஓர் ஆண்டுக்கு அஞ்சு சதமா மூணு சதமாங்கிறதுதானே இவங்களோட முழுக் கேள்வியே. லாம்டாவுக்குப் பக்கத்துல நட்சத்திரம் இல்லைங்கிறதுக்காக அந்த இறக்கத்தை மறைச்சா, வாசகருக்கு வேண்டியதையே மறைச்சதா ஆகும். அதே சமயம் 0.029ங்கிறது உண்மைன்னும் எழுதக்கூடாது. அது விலக்கு மாறியை நம்பினா வர்ற எண். ரெண்டு நெடுவரிசையும் பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும்.

எல்லாருக்கும் கிடைக்கிற ஒரு தரவுல இதோட மறுபக்கத்தைப் பார்க்கலாம். பாடநூல்கள்ல வர்ற ம்ரோஸ் தரவு: 1975ல அமெரிக்காவுல 753 மணமான பெண்கள், கூலி தெரிஞ்சவங்க 428. சாதாரண ரெக்ரஷன்ல கல்வி 0.108, ஹெக்மன்ல 0.109. லாம்டா 0.032, திட்டப்பிழை 0.134. அங்கேயும் லாம்டாவுக்கு முக்கியத்துவம் இல்லை, ஆனா கல்விக் கெழு அசையவே இல்லை. அதனால அங்கே "திருத்தம் முடிவை மாத்தலை"ன்னு எழுதலாம். உங்க அட்டவணையில அப்படி எழுத முடியாது.

எதிர்மறை லாம்டாவுக்குப் பொருள்: நாம அளந்த கல்வி, வயது, நிலம் எல்லாம் ஒண்ணா இருக்கிற ரெண்டு பெண்கள்ல, வேலைக்குப் போக அதிக உந்துதல் இருக்கிறவங்களுக்குக் கிடைக்கிற கூலி குறைவு. எண்ணாச் சொல்லணும்னா, 612ல 238 பேர்னா பங்கு 0.39, அதுக்குரிய மில்ஸ் விகிதம் ஏறக்குறைய 0.99. அதை -0.31ஆல பெருக்கினா -0.31 வாக்குல வரும். அதாவது வேலைக்குப் போறவங்களோட கூலி, அதே கல்வியும் வயதும் உள்ள சராசரிப் பெண்ணுக்குக் கிடைக்கக்கூடியதைவிட நாலுல ஒரு பங்குக்கு மேல குறைவு. வீட்டு நெருக்கடியால கிடைச்ச கூலிக்குப் போறாங்கங்கிற விளக்கம் பொருந்தும். ஆனா தேவனாம்பட்டினம் சார் சொன்ன எடைக்கூலி விளைவும் இதே குறியைத்தான் தரும். குழந்தை மாறியை எடுத்ததும் -0.31 வந்து -0.25 ஆச்சு இல்லையா, அந்த அசைவையும் எழுதுங்க.

தொகுப்புத் திட்டப்பிழைக்கு ரெண்டு வழி. `twostep`ஐ எடுத்துட்டு `vce(cluster village)` போட்டா பெருமநிகழ்தகவு முறையில ஓடும். ஆனா அது ரெண்டு எச்சமும் சேர்ந்து இயல்நிலைப் பரவல்னு முழுசா நம்புது. அங்கே ரோ -0.97, -0.99ன்னு எல்லையில போய் ஒட்டினா எண்களை நம்பாதீங்க. மாதிரி வடிவம் பொருந்தலைங்கிறதுக்கு அது அடையாளம். இரண்டு படி முறையிலயும் ரோ -1ஐத் தாண்டலாம், அப்போ ஸ்டேட்டா -1லயே நிறுத்திக் காட்டும். அதையும் மறைக்காம எழுதணும். இன்னொரு வழி, ஊர் ஊரா மறுமாதிரி எடுத்து ரெண்டு படியையும் சேர்த்தே திரும்ப ஓட்டறது:

```
bootstrap, reps(500) cluster(village) seed(605): ///
  heckman lnwage edu age age2 landless, ///
  select(work = edu age age2 landless milaw kids6) twostep
```

12 ஊர்தான் இருக்குங்கிறதால ரெண்டு வழியுமே திட்டப்பிழையைக் குறைச்சுக் காட்டலாம். தொகுப்பு எண்ணிக்கை 12ன்னு அட்டவணைக்குக் கீழே தெளிவா இருக்கட்டும்.

---

முந்திரிக்காடு எழுதியது:

நன்றி சார். பெருமநிகழ்தகவு முறையில் ரோ -0.64, எல்லையில் ஒட்டவில்லை. கல்வி 0.028. அட்டவணைக் குறிப்பை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"மொத்தம் 612 பெண்கள், கூலி பதிவானது 238 பேருக்கு. நெடுவரிசை 1 கூலி உள்ளவர்களை மட்டும் கொண்ட சாதாரண ரெக்ரஷன். நெடுவரிசை 2 ஹெக்மன் இரண்டு படி முறை, விலக்கு மாறிகள் மாமியார் உடன் வசிப்பதும் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் (இரண்டும் சேர்த்துக் கை-வர்க்கம் 19.6). நெடுவரிசை 3 மாமியார் மாறி மட்டும். நெடுவரிசை 4 பெருமநிகழ்தகவு. தெரிவுச் சமன்பாட்டின் எல்லாக் கெழுக்களும் அடுத்த அட்டவணையில். லாம்டா, ரோ, சிக்மா கீழ் வரிகளில். விலக்கு மாறி இல்லாமல் ஓட்டிய மாதிரி பின்னிணைப்பில். அங்கே மில்ஸ் விகிதத்தைக் கூலி மாறிகள் விளக்கும் அளவு 0.978. திட்டப்பிழைகள் 12 ஊர்கள் வாரியாக மறுமாதிரி முறையில்."

---

கெடிலக்கரை எழுதியது:

நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு, "கூலி பதிவானது"ன்னா என்னன்னு ஒரு வரி சேருங்க. எந்த வாரம், நாள் கூலியா மணிக்கூலியா, எடைக்கூலியை எப்படி நாள் கூலியா மாத்தினீங்க. கெழு வேலைக்குப் போறவங்களுக்கா எல்லாப் பெண்களுக்குமாங்கிறதையும் சொல்லிடுங்க. கூலிச் சமன்பாட்டுக் கெழு 612 பேருக்கும் கிடைக்கக்கூடிய கூலியைப் பத்தினது.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

இன்னும் ஒன்று உறுத்துகிறது. 374 பேரும் ஒரே வகை இல்லை. வீட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கம், சொந்த நிலத்திலோ சொந்த முந்திரித் தோப்பிலோ நாள் முழுக்க உழைப்பவர்கள் இன்னொரு பக்கம். மாமியார் இருந்தால் முதல் வகை குறையும், ஆனால் இரண்டாம் வகை கூடலாம். ஒரே ப்ராபிட்டில் இரண்டையும் "வேலை இல்லை" என்று அடைத்தால் அந்தக் கெழுவுக்கு என்ன பொருள்?

நூறு நாள் வேலைக்கு மட்டும் போனவர்களும் 238க்குள் இருக்கிறார்களா? அந்தக் கூலி ஒன்றிய அரசு மாநிலத்துக்கு மாநிலம் அறிவிப்பது. படிப்பு கூடினாலும் குறைந்தாலும் விகிதம் ஒன்றுதான். அவர்களைச் சேர்த்தால் கல்வியின் கெழு தானாகவே தட்டையாகும், தெரிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

---

முந்திரிக்காடு எழுதியது:

நூறு நாள் வேலை மட்டும் 41 பேர். அவர்களை நீக்கி ஓட்டிப் பார்க்கிறேன். சொந்த நிலத்தில் உழைப்பவர்கள் 118. அவர்களைத் தனி வகையாக்கி மூன்று வழித் தெரிவாக மாற்றினால் இதே விலக்கு மாறிகள் போதுமா?

---

கெடிலக்கரை எழுதியது:

மூணு வழின்னா திருத்த உறுப்பே ரெண்டு வரும். ரெண்டையும் பிரிச்சுக் காட்ட, நிலத்து வேலையை மட்டும் மாத்தற ஒரு மாறி வேணும். நில அளவு முதல்ல தோணும், ஆனா நிலம் உள்ள வீட்டுக்குக் கூலி பேசற பலமும் கூடும், அதனால அது கூலியைத் தொடாதுன்னு என்னால வாதாட முடியல. 118 பேரை நீக்கிட்டு 494 பேரோட ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை ஓட்டி ரெண்டையும் போடறது இப்போதைக்குச் செய்யக்கூடியது. நீக்கறதும் ஒரு தெரிவுதாங்கிறதை அங்கேயே எழுதிடுங்க.

---

தேவனாம்பட்டினம் எழுதியது:

நில அளவுக்குப் பதில் ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்பதைப் பாருங்கள். தண்ணீர் இருந்தால்தான் வீட்டுப் பெண்களுக்கு ஆண்டு முழுக்கச் சொந்த நிலத்தில் வேலை. ஆனால் ஊர் முழுக்கக் கிணறு இருந்தால் ஊர்க்கூலியும் ஏறும், அதனால் ஊருக்கொரு மாறி வைத்து, ஊருக்குள் வீட்டுக்கு வீடு உள்ள வேறுபாட்டை மட்டும் பயன்படுத்த வேண்டியிருக்கும். 12 ஊரில் அதற்குப் போதுமான வேறுபாடு இருக்கிறதா என்று முதலில் ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள்.